ஒரு கோர்வையை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுவது எப்படி: லூப் வெட்டும்போது நான் சிக்கிய இடம்

எங்கள் மாஸ்டர் ஈப்போவிலிருந்து சனிக்கிழமைதான் சுங்கை சிப்புட்டுக்கு வருவார். கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் மிருதங்கப் பாடம் நடக்கும், நான் போனை ஓரமாக வைத்துப் பதிவு செய்துகொள்வேன். மீதி ஆறு நாளும் அந்தப் பதிவுதான் எனக்கு வாத்தியார். போன மாதம் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு கோர்வை கொடுத்தார். அதை மட்டும் லூப் போட்டு ஒரு வாரம் விடாமல் சாதகம் செய்தேன். அடுத்த சனிக்கிழமை வாசித்துக் காட்டினேன், பாதியிலேயே கையை நீட்டி நிறுத்திவிட்டார். "தம்பி, தாளத்தைப் போட்டுக்கிட்டே சொல்லு பார்ப்போம். உனக்கு ஒரு எண்ணிக்கை கூடுது."

கூடியது என் கையால் இல்லை. நான் வெட்டிய லூப்பே தப்பு. அதனால் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வெட்டும் இடத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

யூடியூபில் செய்வது போல வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து Loop கொடுப்பது இதற்கு உதவாது, அது முழு வீடியோவையும்தான் சுற்றும். வி.எல்.சி.யில் A, B என்று இரண்டு புள்ளி வைத்துச் சுற்றலாம். ஆனால் பட்டனைக் காதால் கேட்டுக் கேட்டு அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். பேச்சுக்கு அது பரவாயில்லை, தாளத்துக்கு ஆகாது. என்னைக் கேட்டால் Audacityதான். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், முக்கியமாக ஒலி அலையைக் கண்ணால் பார்த்து வெட்டலாம்.

பதிவைத் திறந்து கோர்வை எங்கே வருகிறதென்று கண்டுபிடியுங்கள். என் பதிவில் 23ஆவது நிமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு வினாடி சேர்த்துத் தேர்ந்தெடுத்து, Ctrl+C, பிறகு File > New, அதில் Ctrl+V. இப்போதே சரியான அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒட்ட வெட்டிய துண்டின் வேகத்தைக் குறைத்தால் ஓரத்தில் இருக்கும் முதல் தட்டு மழுங்கிப் போகும்.

வேகத்துக்கு Effect > Pitch and Tempo > Change Tempo. Percent Change இடத்தில் -25 போட்டேன். பக்கத்திலேயே Change Speed and Pitch என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும். மாஸ்டர் வாசித்தது நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை, அதாவது ஒரு எண்ணிக்கைக்கு முக்கால் வினாடி. இரண்டு ஆவர்த்தனத்துக்கு 16 எண்ணிக்கை, ஆக 12 வினாடி. 25 சதவீதம் குறைத்ததும் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு வினாடி, மொத்தம் 16 வினாடி. கடிகார முள்ளோடு சேர்ந்து தாளம் போடலாம், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வேகம் நன்றாக இருக்கும். இன்னும் ரொம்பக் குறைத்தால் தட்டுகள் இரண்டிரண்டாகக் கேட்க ஆரம்பிக்கும், பிறகு எது "கி" எது "ண" என்றே பிரியாது.

சரி, இப்போது வெட்டும் இடம். என் கோர்வை "ததிகிணதொம்" மூன்று முறை வந்து முடியும். கடைசி "தொம்" போனதும் சமத்தில் ஒரு தட்டு விழும். கேட்கிற காதுக்கு அந்தத் தட்டில்தான் கோர்வை முடிகிறது, அது இல்லாவிட்டால் பாதியில் விட்டது போல இருக்கும். அதனால் நானும் அந்தத் தட்டையும் சேர்த்து, அதன் ஒலி அடங்கும் வரை வைத்து வெட்டினேன். ஆனால் அந்தத் தட்டு கோர்வைக்குள் இல்லை, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் எண்ணிக்கை அது. லூப் சுற்றி வரும்போது ஆரம்பத்தில் இருக்கும் சமமும் வந்துவிடுகிறது. ஆக இரண்டு சமம், 16 இருக்க வேண்டிய இடத்தில் 17. ஒரு வாரம் முழுக்க 17க்கு வாசித்துப் பழகிவிட்டேன், அதை மறக்க இன்னொரு வாரம் ஆனது.

எப்படி வெட்ட வேண்டும் என்றால், Ctrl+1 அழுத்தி அலையைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு தட்டும் செங்குத்தாக எழுந்து பிறகு சரிவது தெரியும். முதல் சமத்தின் அலை எழும்புவதற்கு ஒரு மயிரிழை முன்னால் ஆரம்பம். முடிவும் அதேபோல, அடுத்த சமம் எழும்புவதற்கு அதே மயிரிழை முன்னால். அந்த இரண்டாவது சமம் உள்ளே வரவே கூடாது, அந்த வேலையைச் சுற்றி வரும் முதல் சமம் பார்த்துக்கொள்ளும். பிறகு Z அழுத்தினால் இரண்டு ஓரமும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும், "டக்" என்ற சத்தம் வராது.

கீழே தேர்ந்தெடுத்த பகுதியின் நீளம் தெரியும். எனக்கு 15.9 வினாடி வந்தது. மனிதர் வாசித்தது, அதனால் 16.0 என்று வர வேண்டியதில்லை, இழுத்து 16 ஆக்கவும் வேண்டாம். 17க்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் ஒரு எண்ணிக்கை உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

Transport > Looping > Set Loop to Selection கொடுத்து ஓடவிடுங்கள். மிருதங்கத்தைத் தொடாமல் கையால் தாளம் மட்டும் போடுங்கள். நான்கு சுற்று போன பிறகும் உங்கள் முதல் தட்டும் லூப்பின் சமமும் ஒன்றாக விழுந்தால் சரி. இரண்டாவது சுற்றிலேயே கை விலகினால் முடிவுப் புள்ளியைத்தான் முதலில் பாருங்கள்.

போனில் கேட்க வேண்டுமென்றால், அந்தத் துண்டை மட்டும் சேமித்து பிளேயரில் ரிப்பீட் போடாதீர்கள். எம்பி3 ஆக மாற்றும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்ளும், பிளேயரும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தயங்கும், தாளம் நொண்டும். அதற்குப் பதிலாக, துண்டு தேர்வில் இருக்கும்போதே Edit > Remove Special > Trim Audio கொடுத்து மற்றதை நீக்கிவிட்டு, Effect > Special > Repeat போய் 19 என்று கொடுங்கள். ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து 20 சுற்று, ஐந்தே கால் நிமிடத்துக்கு ஒரே கோப்பு. இதை எம்பி3 ஆக வைத்தாலும் இடைவெளி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். நான் காலையில் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இயர்போனில் இதைப் போட்டுத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பேன். லயத்து வீட்டில் அந்த நேரத்துக்கு மிருதங்கத்தை எடுக்க முடியாது.

பிறகு சேர்த்தது: போனில் பதிவு செய்த கோப்பு திறக்கவே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது m4a. விண்டோஸில் அதைத் திறக்க ffmpeg வேண்டும். அதைப் போட்டுவிட்டு இப்படி மாற்றிக்கொண்டால் போதும்:

```
ffmpeg -i paadam.m4a paadam.wav
```

இன்னொருவர், தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த தன் மனைவி மலாய் பழக இதே முறை சரிவருமா என்று கேட்டிருந்தார். வெட்டும் முறை அங்கே நேர் எதிர். பேச்சுக்கு லூப்பின் கடைசியில் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிச் சொல்ல நேரமே இருக்காது. நான்கு வினாடி வாக்கியம் என்றால், கர்சரைக் கடைசியில் வைத்து Generate > Silence மூலம் ஆறு வினாடி மௌனம் சேருங்கள். வாக்கியத்தின் முடிவை ஒட்ட வெட்டாதீர்கள். "திடாக்" என்ற சொல்லில் கடைசி "க்" வெளியே வெடிக்காது, தொண்டையில் மூச்சு சட்டென்று அடைபட்டு நிற்கும். நாம் பழக்கத்தில் அதைத் "திடாக்கு" என்று இழுத்துவிடுகிறோம். ஒட்ட வெட்டினால், சத்தம் அங்கே தானாக நின்றதா, நாம் வெட்டியதால் நின்றதா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பதிவில் உள்ள அறைச் சத்தம் அரை வினாடியாவது இருக்கட்டும், அப்புறம் மௌனத்தைச் சேருங்கள்.