மேட்ச் தன் எக்ஸைப் பற்றிச் சொன்னால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து டேட்டிங் ஆப் போட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னிடம் தங்கள் சாட் மெசேஜ்களைக் காட்டி, "இதுல எங்க தப்பு?" என்று கேட்பார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், தப்பு மாறுவதில்லை. "ஏன் பிரிஞ்சீங்க?" என்று குடைவதும், எக்ஸ் என்ற பேச்சு வந்ததுமே பதில் போடாமல் நழுவுவதும் தப்பு என்று அவர்களுக்கே தெரியும். நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

ஒரே ராத்திரியில் முழுக் கதையையும் கேட்பது

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். மேட்ச் ஆகி மூன்றாவது நாள், அல்சூர் ஏரிப் பக்கம் காபி குடிக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண்ணின் பதில்: "அல்சூர் வேண்டாமே. எக்ஸ் வீடு அங்கதான். ரெண்டு வருஷம். நல்லா முடியல."

இவன் உடனே, "ஐயோ, என்னாச்சு? மனசுலயே வெச்சுக்காதீங்க, எங்கிட்ட சொல்லுங்க" என்றான். அவர் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம்? வீட்டுக்குத் தெரியுமா? இப்பவும் ஞாபகம் வருதா? ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. நிச்சயம் நின்றுபோனது, அதற்கப்புறம் அம்மாவோடு பேச்சே இல்லாமல் போனது எல்லாம் இரவு இரண்டு மணிக்குள் வந்துவிட்டது. "ரொம்ப நெருக்கமாயிட்டோம்" என்று மறுநாள் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான். காலையில் அவருக்கு "இப்போ பரவாயில்லையா?" என்று அனுப்பியிருந்தான். "ம்ம்" என்று மட்டும் பதில். இரண்டே நாளில் அன்மேட்ச்.

இப்படி முடியும்போதெல்லாம் "அந்தப் பொண்ணு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். குரலைக்கூடக் கேட்டிராத ஒருவரிடம், நெருங்கிய தோழிக்கும் முழுசாகச் சொல்லாததை அவர் எழுத்தில் கொடுத்துவிட்டார். விடிந்து அதைத் திரும்பப் படிக்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும். எதிரில் இருப்பவனுக்கு அவருடைய வேலை, ரசனை, சிரிப்பு எதுவும் தெரியாது. காயம் மட்டும் தெரியும். அதற்குமேல் "பரவாயில்லையா" என்ற விசாரிப்பு, அவரை நோயாளி ஸ்தானத்தில் உட்கார வைத்துவிடுகிறது. அந்தக் கூச்சம் போக, விஷயம் தெரிந்த ஆளை விட்டு விலகுவதுதான் அவருக்குச் சுலபம்.

அவர் முதலில் எழுதியதை மறுபடி பாருங்கள். கேட்டது வேறு இடம்தான். எக்ஸ் அதற்கான காரணம், அவ்வளவே. அதற்குப் பதில் இப்படி இருந்திருக்கலாம்:

"சரி, அல்சூர் வேண்டாம். ரெண்டு வருஷம்னா கஷ்டமாத்தான் இருந்திருக்கும். எப்பவாவது சொல்லணும்னு தோணினா கேக்கிறேன். பசவனகுடி பக்கம் பாக்கலாமா?"

கேட்டது முதலில் கிடைத்துவிட்டது. காயத்தைக் கவனித்ததாக ஒரு வரி, சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம் என்று ஒரு வரி, அப்புறம் பழைய பேச்சுக்கே திரும்பியாயிற்று. கேள்விக்குறி காபிக்கு மட்டும்தான்.

அவரே தொடர்ந்தால் கேளுங்கள். சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள், சொல்லாததைத் தோண்டாதீர்கள். அவர் பத்து வரியும் நீங்கள் ஒரு வரியுமாகப் போக ஆரம்பித்தாலோ, "சாரி, ரொம்பப் பேசிட்டேன்" என்று வந்தாலோ, போதும் என்று அர்த்தம். "சாரி எதுக்கு? நம்பிச் சொன்னீங்க. மீதியை நேர்ல பார்க்கும்போது, தோணினா சொல்லுங்க" என்று அங்கேயே நிறுத்தலாம்.

எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகுதான் இது உறைக்கிறதா? மறுநாள் காலை நேற்றைய ராத்திரியைத் தொடவே வேண்டாம். அதற்கு முன்னால் பேசிய ஏதாவது சாதாரண விஷயத்தை எடுத்து ஒரு வரி அனுப்புங்கள். அவருடைய பூனை, அவர் திட்டிய சில்க் போர்டு டிராஃபிக், எதுவானாலும் சரி. நீங்கள் அவரை இன்னும் அதே ஆளாகத்தான் பார்க்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எக்ஸைத் திட்டுவது

"அவன் ஒரு லூசு, உங்களை விட்டுட்டான்" என்றால், அவனைத் தேர்ந்தெடுத்த அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள். பல சமயம் அவரே எக்ஸுக்காகப் பரிந்து பேச வேண்டியதாகிவிடும்.

"எனக்கும் இதேதான் நடந்துச்சு"

உங்கள் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எக்ஸை இன்ஸ்டாகிராமில் தேடுவது

வேண்டாம்.

சோகக் கதைக்குப் பின்னால் பணம் கேட்டால்

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.

பயத்தைச் சோகமாக எடுத்துக்கொள்வது

மேலே சொன்னது எல்லாம் முடிந்துபோன உறவுக்கு. "இன்னும் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறான்", "போட்டோவை வெளியில விட்டுடுவேன்னு மிரட்டுறான்" என்று வந்தால் காபிப் பேச்சுக்குத் திரும்பக் கூடாது. "இப்போ பத்திரமா இருக்கீங்களா? பக்கத்துல யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று நேராகக் கேளுங்கள். அவசரமென்றால் 112, பெண்களுக்கான உதவி எண் 181. எண்களைக் கொடுங்கள், அழைக்கும்போது கூட இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். அந்த ஆளிடம் நீங்களே பேசித் தீர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அவன் கோபம் திரும்புவது அந்தப் பெண்மேல்தான்.