அகலமான படத்தை மூன்று ஸ்லைடாக வெட்டலாம், முகம் அறுபடாமல்

நாலு பேர் வரிசையாக நிற்கும் படம் ஒன்று. இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளத் தள்ள ஒரே காட்சி தொடர்ந்து ஓடுவது போல, இதை மூன்று ஸ்லைடாகப் போட வேண்டும். படத்தைச் சமமாக மூன்றாக வெட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் வெட்டுக்கோடு யாரோ ஒருவர் மூக்கின் மேல் போய் விழும். அதனால் முதலில் கோடு எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் வெட்ட வேண்டும்.

இதற்குக் கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

1. மொத்த அளவு. ஒரு ஸ்லைடு 1080 பிக்சல் அகலம், 1350 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்தால் 3240 × 1350. சுருக்கினால் 12:5 விகிதம். படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்த விகிதத்தில்தான் கிராப் செய்ய வேண்டும்.

2. கோட்டைப் பார்த்துக்கொண்டே கிராப். கிராப் கருவியை எடுத்து, அதன் அமைப்புகளில் `Fixed` என்பதை டிக் செய்து, `Aspect ratio` தேர்ந்தெடுத்து `12:5` என்று தட்டுங்கள். கீழே வழிகாட்டிக் கோடுகளுக்கான பட்டியலில் `Rule of thirds` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது படத்தின் அழகுக்காக வைத்த வசதிதான், ஆனால் நமக்கு வேறு விதத்தில் உதவுகிறது: பெட்டிக்குள் தெரியும் இரண்டு செங்குத்துக் கோடுகளும் அப்படியே நம்முடைய வெட்டுக்கோடுகள்! இரண்டே ஸ்லைடு என்றால் `Center lines` போதும். அப்போது விகிதம் 8:5.

இப்போது நம் படத்துக்கு வருவோம். அதன் அளவு 6000 × 4000. இடமிருந்து அளந்தால் முதல் முகம் 900 முதல் 1200 பிக்சல் வரை, இரண்டாவது 1850–2150, மூன்றாவது 2900–3200, நாலாவது 4500–4800. முழு அகலத்தையும் எடுத்தால் கோடுகள் 2000, 4000 என்ற இடங்களில் விழும். 2000 என்பது இரண்டாமவர் முகத்தின் நட்டநடுவே. சரி, நாலு ஸ்லைடாக வெட்டினால்? கோடுகள் 1500, 3000, 4500. மூன்றாமவர் மாட்டிக்கொள்கிறார், நாலாமவர் முகத்தின் ஓரத்தையும் கோடு உரசுகிறது. ஸ்லைடு எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் படத்தின் நடுவில் கட்டாயம் ஒரு கோடு வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் மட்டும் நடுவில் நிற்கும் படத்துக்கு மூன்றோ ஐந்தோதான் சரி.

வழி என்னவென்றால், பெட்டியைக் கொஞ்சம் சுருக்கி நகர்த்துவது. அகலத்தை 5400 ஆக்கினால் உயரம் தானாகவே 2250 ஆகும். பெட்டியை வலது ஓரத்தோடு ஒட்டி வைத்தால் இடது பக்கம் 600 பிக்சல் வெளியே போகும். கோடுகள் இப்போது 2400, 4200. இரண்டும் முகங்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தில் விழுகின்றன. மிக அருகில் இருக்கும் முகத்துக்கும் கோட்டுக்கும் 250 பிக்சல் இடைவெளி. இடது ஓரத்திலிருந்து முதல் முகத்துக்கும் 300 பிக்சல் இருக்கிறது. என்டர் தட்டலாம்.

தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்களா? கோடு தோளில் விழட்டும், கண்ணுக்கு அது உறுத்தாது. விரல்களையும் மூக்குக்கண்ணாடியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். எப்படி நகர்த்தினாலும் ஒரு முகம் மாட்டுகிறது என்றால், படத்தின் ஒரு பக்கத்தில் வெறும் நிறப் பட்டை ஒன்றைச் சேர்த்து மொத்த அகலத்தைக் கூட்டுங்கள். கோடுகள் இடம் மாறிவிடும்.

3. சுருக்கி வெட்டுதல். `Image > Scale Image` போய் 3240 × 1350 ஆக்குங்கள். வெட்டுவதற்கு முன்பே சுருக்குவது நல்லது, அப்போதுதான் மூன்று துண்டும் ஒரு பிக்சல்கூட வித்தியாசம் இல்லாமல் வரும். பிறகு `Image > Guides > New Guide` வழியாக 1080, 2160 ஆகிய இடங்களில் இரண்டு செங்குத்துக் கோடுகளைப் போடுங்கள். `Image > Slice Using Guides` கொடுத்தால் மூன்று தனிப் படங்கள் திறக்கும். இடமிருந்து வரிசையாக 1, 2, 3 என்று பெயரிட்டு `Export As` கொடுங்கள்.

4. பதிவேற்றும்போது. ஆப் முதல் ஸ்லைடின் விகிதத்தையே மற்றவற்றுக்கும் போடும் என்பதால், முதல் படத்தை அது சதுரமாகக் காட்டினால் உடனே 4:5 ஆக மாற்றுங்கள். ஃபில்டர், வெளிச்சத் திருத்தம் எதுவும் வேண்டுமென்றால் வெட்டுவதற்கு முன் முழுப் படத்திலேயே செய்துவிடுங்கள். துண்டுகளுக்குத் தனித்தனியாக ஆட்டோ திருத்தம் போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிச்சத்துக்குப் போய், தள்ளும்போது சேரும் இடத்தில் வானத்தின் நிறம் மாறித் தெரியும்.

புரொஃபைல் கட்டத்தில் முதல் ஸ்லைடு 3:4 ஆகத் தெரிவதால் இரு ஓரத்திலும் சுமார் 34 பிக்சல் மறையும். நம் படத்தில் முதல் இரண்டு முகங்களும் ஓரத்திலிருந்து 150 பிக்சலாவது தள்ளி இருக்கின்றன, தொல்லை இல்லை.