ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் படத்தை வைத்து அடையாளம் காணும்போது எங்கே சறுக்குகிறோம்

"இது எந்த மாடல்னு சொல்லுங்க" என்று ஒரு படம் வரும். கறுப்பு ஹெட்போன், முட்டை வடிவக் குஷன், ஒரு கப்பின் ஓரத்தில் இரண்டு பட்டன். பார்த்ததுமே பதில் சொல்லியிருக்கிறேன், தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். தப்பு பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடக்கிறது. கண்ணில் முதலில் விழுவது ஹெட்போனின் குஷனும், ஸ்பீக்கரை மூடியிருக்கும் துளைத் தகடான கிரிலும், மாடலைப் பிரித்துக் காட்டுவதோ பட்டன் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்து.

முதலில் குஷன். ஹெட்போனில் சீக்கிரம் தேய்வது அதுதான், தோல் உரிந்ததும் கழற்றி வேறு போட்டுவிடுவார்கள். அப்படிப் போடுவது அசல் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியில் விற்கும் குஷன் தடிமனாக இருக்கும், உள் ஓட்டை அகலமாக இருக்கும், தோலுக்குப் பதில் துணி போட்டிருக்கும். மாற்றவே இல்லை என்றாலும் வருஷக்கணக்கில் தலையில் அழுந்திய நுரை தட்டையாகி, உள் ஓட்டை குறுகிக்கொண்டே போகும். அதனால் குஷன் வட்டமா, முட்டை வடிவமா, ஆங்கில டி வடிவமா என்று பார்ப்பது 'இதுவாக இருக்கலாம்' என்று சொல்லும் அளவுக்குத்தான் உதவும், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. குஷன் விஷயத்தில் நான் நம்புவது அது உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பின் வடிவத்தை மட்டும்தான், ஏனென்றால் அதை யாரும் மாற்றுவதில்லை.

இதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். சோனியின் WH-1000 வரிசை ஹெட்போனில் எக்ஸ்எம்3 வந்தது 2018-இல், எக்ஸ்எம்4 வந்தது 2020-இல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். அதே மடிப்பு, கறுப்பு நிறத்தில் அதே செம்பு நிற எழுத்து, கிட்டத்தட்ட அதே குஷன். ஒருவர் எக்ஸ்எம்4 என்று சொல்லி விற்க வைத்திருந்த ஒன்றின் படத்தைப் பார்த்து நானும் எக்ஸ்எம்4 என்றே தலையாட்டினேன். அப்புறம்தான் இடது கப்பின் அடி ஓரத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். பவர் பட்டனுக்குப் பக்கத்துப் பட்டனில் 'என்சி/ஆம்பியன்ட்' என்று இருந்தது. எக்ஸ்எம்4 ஆக இருந்தால் அந்த இடத்தில் 'கஸ்டம்' என்று இருக்கும். ஆக அது எக்ஸ்எம்3.

சரி, எழுத்து அழிந்து போயிருந்தால்? இடது கப்பின் உள்ளே பாருங்கள். எக்ஸ்எம்4-இல் காதில் மாட்டியிருக்கிறதா என்று அறியும் சென்சார் ஒன்று உண்டு, சின்னக் கறுப்புக் கண்ணாடி மாதிரி தெரியும். எக்ஸ்எம்3-இல் அது கிடையாது. ஹெட்போன் கையிலேயே இருந்தால் பாட்டை ஓடவிட்டுக் கழற்றிப் பாருங்கள், பாட்டு தானாக நின்றால் எக்ஸ்எம்4. நிற்கவில்லை என்றால் உடனே எக்ஸ்எம்3 என்று சொல்லிவிடாதீர்கள், செயலியில் அந்த வசதியை அணைத்து வைத்திருக்கலாம். பட்டன் எண்ணிக்கையை மட்டும் எண்ணி முடிவெடுப்பதும் இதே ரகத் தப்புதான். அதற்கு முந்தைய எக்ஸ்எம்2-இலும் இரண்டே பட்டன்தான், ஆனால் அதில் சார்ஜ் போடும் இடம் பழைய மைக்ரோ யூஎஸ்பி. எக்ஸ்எம்3 முதல்தான் டைப்-சி. பட்டனையும் போர்ட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

இன்னொன்று, இடது வலது குழப்பம். போன் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில சமயம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும், ஹெட்போனைப் பின்பக்கமிருந்து எடுத்தாலும் இதே குழப்பம் வரும். 'பட்டன் வலதுபக்கம் இருக்கிறது, அப்போ இது வேறு மாடல்' என்று அங்கேயே தடம் மாறிவிடுவோம். எது இடது, எது வலது என்று பார்ப்பதைவிட எது எதோடு ஒரே கப்பில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. எக்ஸ்எம்3, எக்ஸ்எம்4 இரண்டிலும் பட்டன்களும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் ஒரு கப்பில், டைப்-சி எதிர்க் கப்பில். படம் எப்படித் திரும்பினாலும் இந்த உறவு மாறாது.

ஸ்பீக்கருக்கு வந்தால் கிரில்தான் ஆளை ஏமாற்றும். துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி, தேன்கூடு மாதிரி இருக்கிறது என்பதை ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொள்ள முடியாது, துளையிட்ட உலோகத் தகட்டில் பெரும்பாலும் அந்த வரிசைதான் வரும். இதைவிட மோசம், நெருக்கமான துளைகள் உள்ள கிரிலைப் படம் எடுத்துச் சின்னதாக்கினால் அதன்மேல் நிஜத்தில் இல்லாத கோடுகள் அலை அலையாகத் தோன்றும். கேமராவின் புள்ளி வரிசையும் கிரிலின் துளை வரிசையும் மோதிக்கொள்வதால் வரும் மாயக்கோடு அது. அதை டிசைன் என்று நினைத்துத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. கொஞ்சம் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கோடு நகர்ந்தால் அது நிஜமில்லை. கிரிலில் பார்க்க வேண்டியது நடுவை அல்ல, ஓரத்தை: துளைகள் பாதியில் வெட்டுப்பட்டு முடிகின்றனவா, அல்லது துளையில்லாத ஒரு விளிம்பு விட்டு முடிகின்றனவா என்று. துணி சுற்றிய உருளை என்றால் அதுவும் இல்லை, அந்த உடையில் சந்தையில் எத்தனையோ ஸ்பீக்கர் உண்டு.

ஜேபிஎல்லின் ஃபிளிப் 5-ஐயும் சார்ஜ் 4-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே துணி சுற்றிய உருளை, இரண்டிலும் முன்னால் பெட்டிக்குள் எழுதிய லோகோ. தனியாக எடுத்த படத்தில் அளவு தெரியாது. நிஜத்தில் ஃபிளிப் 5-இன் நீளம் 181 மில்லிமீட்டர், சார்ஜ் 4-இன் நீளம் 220. படத்தில் டைப்-சி போர்ட் தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், அதன் வாய் அகலம் சுமார் 8 மில்லிமீட்டர். அதைவிடச் சுலபம், ஒரு ஸ்பீக்கரை இன்னொரு ஸ்பீக்கரோடு சேர்த்துப் பாடவைக்க மேலே இருக்கும் இணைப்புப் பட்டன். சார்ஜ் 4-இல் மணற்கடிகாரம் மாதிரிக் குறி, ஃபிளிப் 5-இல் படுத்துக்கிடக்கும் எட்டு. முதலாவது கனெக்ட் பிளஸ், இரண்டாவது பார்ட்டிபூஸ்ட், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. வீட்டில் இருக்கும் ஃபிளிப் 5-க்கு ஜோடி என்று நினைத்துச் சார்ஜ் 4 வாங்கிவிட்டால் அந்தப் பட்டனை அழுத்தி இரண்டையும் சேர்த்துப் பாடவைக்க முடியாது, குறியை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியாக, புளூடூத் பட்டியலில் வரும் பெயர். WH-1000XM4 என்று திரையில் வந்தால் அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அசல் பொருளில் அது சரிதான், அதுவும் சொந்தக்காரர் பெயரை மாற்றாமல் இருந்தால். போலி செய்பவன் பெட்டியையே அச்சடிக்கிறான், பெயர் போடுவது அவனுக்கு எத்தனை வேலை? ஃபிளிப் மாதிரி ஸ்பீக்கர் என்றால் இரண்டு முனையிலும் இருக்கும் வட்டத் தகட்டில் லேசாக விரல் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைச் சத்தமாகப் போடுங்கள். அசலில் அந்தத் தகடு கண்ணுக்கே தெரியும்படி முன்னும் பின்னும் அடிக்கும். மலிவான போலி பலவற்றில் அது வெறும் ஒட்டு, அசையாது.