சாப்பிட்டவருக்கு அலர்ஜி வந்தால் எதை எழுதுவது? ஓட்டல் பதிவேட்டில் நேரும் தவறுகள்

ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு உதடு வீங்கி, குரல் கரகரத்து, மூச்சு வாங்க ஆரம்பித்தால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். அவரை எழுந்து நடக்க விடக் கூடாது. அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருப்பவர் என்றால் உடனே வெளித்தொடையில் போட்டுக்கொள்ள உதவ வேண்டும். எழுதுவதெல்லாம் அதற்கு அடுத்துதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு ஊழியர் சும்மா நின்றால், அவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கலாம். இனி வருவது அந்த இரண்டாவது ஆளுக்காக.

பெரும்பாலான ஓட்டல்களில் இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு பதிவேட்டில் இருக்கக்கூடியது இவ்வளவுதான்:

"இரவு 9 மணி. டேபிள் 7. பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டவருக்கு முந்திரி அலர்ஜி. ஆர்டரின்போது எதுவும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் அனுப்பினோம்."

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. மருத்துவருக்கோ உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கோ, அடுத்த நாள் சமையலறையைச் சோதிக்கப்போகும் உங்களுக்கோ இதில் உதவுவது மிகக் குறைவு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"முந்திரி அலர்ஜி" என்பது முடிவு. அதை அந்த மேஜையருகே நின்று யாரும் சொல்ல முடியாது. எழுத வேண்டியது கண்ணால் பார்த்ததும் அவர் வாயால் சொன்னதும்: "உதடு அரிக்கிறது என்றார். கழுத்தில் சிவப்புத் தடிப்பு. குரல் கரகரப்பு. வாந்தி இல்லை. மயங்கவில்லை." இல்லாததையும் எழுதுவது முக்கியம். எழுதாமல் விட்டால் அது நடக்கவில்லையா, யாரும் கவனிக்கவில்லையா என்று பிறகு தெரியாது. கடுமையான ஒவ்வாமையிலும் சிலருக்குத் தோலில் தடிப்பே வராது. ஆகவே "தடிப்பு இல்லை, அதனால் அலர்ஜி இல்லை" என்று எழுதுவதும் அதே தவறுதான்.

முடிவை முந்திக்கொண்டு எழுதினால் என்ன கெடும் என்பதற்கு மீன் நல்ல உதாரணம். சூரையையும் கானாங்கெளுத்தியையும் சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. அந்த மீனைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். பார்ப்பதற்கு அச்சு அசல் அலர்ஜிதான். ஆனால் அது மீன் கெட்டதால் வந்த நச்சு. பதிவில் 'மீன் அலர்ஜி' என்று எழுதிவிட்டால், தன் உடம்புக்கு மீனே ஒத்துக்கொள்ளாது என்று அவரை நினைக்க வைத்துவிடலாம். அதே மீனை ஓட்டலும் மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வரி பெரிதும் உதவும்: அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது ஏதாவது ஆனதா? அந்த வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை. மற்றவர்கள் நன்றாக இருந்தாலும், அவர்களும் அதே உணவைத்தான் சாப்பிட்டார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது "எதுவும் சொல்லவில்லை" என்பது. இந்தப் பதிவிலேயே ஆபத்தான வரி இதுதான். வாடிக்கையாளர் சொன்னது, பரிமாறுபவர் கேட்டது, சமையலறைக்குப் போனது மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். அவற்றை ஒரே வாக்கியமாகச் சுருக்கும்போது தப்பு எந்த இடத்தில் நடந்தது என்பதே மறைந்துபோகும்.

நம் கற்பனை டேபிள் 7-ஐயே எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது, மனைவி நினைவுபடுத்திச் சொன்னபடி: "நட்ஸ் எதுவும் எனக்கு ஆகாதுங்க, தொண்டை அடைச்சுக்கும்." பரிமாறுபவர் நினைவில் இருப்பது: "முந்திரி வேண்டாம்னார்." சமையலறைக்குப் போன கே.ஓ.டி. ஆர்டர் சீட்டில் இருப்பது: "முந்திரி போட வேண்டாம்." மாஸ்டர் அதைப் பார்த்து, மேலே தூவும் வறுத்த முந்திரியை மட்டும் நிறுத்திவிட்டார். கிரேவியோ காலையிலேயே நட்ஸ் சேர்த்து அரைத்து வைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் உதிர்ந்திருக்கிறது. மூன்றையும் தனித்தனியாக, யார் சொன்னது என்று பெயரோடு, அவரவர் வார்த்தையிலேயே எழுதினால்தான் இது வெளியே தெரியும்.

நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. "கடலை ஆகாது" என்று ஒருவர் சொன்னால் அது வேர்க்கடலையா, கொண்டைக்கடலையா, சட்னியில் அரைக்கிற பொட்டுக்கடலையா, பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலை மாவா? "ஆகாது" என்பதும் அப்படித்தான். மூச்சடைப்பவரும் சொல்வார், வயிறு உப்புகிறவரும் சொல்வார், பிடிக்காதவரும் சொல்வார். பதிவு எழுதுபவர் தானாகவே "வேர்க்கடலை அலர்ஜி" என்று திருத்தி எழுதிவிட்டால் அந்தக் குழப்பமே காணாமல் போய்விடும். கேட்ட சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். உங்கள் விளக்கம் வேண்டுமென்றால் அடுத்த வரியில் தனியாக எழுதலாம்.

இன்னொன்று. "சொல்லவில்லை" என்பதற்கு முன் "நாம் கேட்டோமா?" என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். ஆர்டர் எடுத்தவர் கேட்கவில்லை என்றால் "கேட்கப்படவில்லை" என்று எழுதுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். மேஜையில் இருந்தவர் மனைவியிடம் வேறு மாதிரிச் சொல்லி, அவர் அதைப் பரிமாறுபவரிடம் சொல்லியிருந்தால் அதுவும் பதிவில் வர வேண்டும். செயலி வழியாக வந்த ஆர்டர் என்றால் குறிப்புப் பெட்டியில் அவர் என்ன தட்டச்சு செய்தார் என்பதைத் ஸ்கிரீன்ஷாட்டாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

"பன்னீர் பட்டர் மசாலா" என்ற பெயருக்குப் பின்னால் அன்று வாணலியில் என்ன இருந்தது? பதிவில் அதிகம் விடுபடுவது இதுதான். மெனுவையோ ரெசிபி அட்டையையோ பார்த்துப் பொருட்களை எழுதுவார்கள். அட்டையில் முந்திரி விழுது என்று இருக்கும். டேபிள் 7 சாப்பிட்ட அன்று முந்திரித் துண்டு தீர்ந்துபோய், மகஜ் என்ற முலாம்பழ வகை விதையும் ஒரு கை வேர்க்கடலையும் சேர்த்து அரைத்திருந்தால்? "முந்திரி அலர்ஜி" என்று எழுதிய பதிவு மருத்துவரை ஒரே ஒரு பொருளைத் தேட வைக்கும். குற்றவாளி மற்ற இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம். ஆகவே மாஸ்டரிடம் கேட்க வேண்டியது "இதில் என்ன போடுவீர்கள்?" என்பதல்ல. "இன்றைக்கு என்ன போட்டீர்கள், எது குறைந்தது, எதை மாற்றினீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்புறம் பாக்கெட்டுகளின் லேபிளைப் படம் எடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். இவை ரெசிபி அட்டையில் தெரியாது. இறால் பொரித்த எண்ணெயிலேயே கோபி பொரித்தார்களா, ஒரே கரண்டியா என்பதும் இங்கேதான் வரும். மேஜையில் அவர் தொட்ட சட்னி, இலவசமாக வைத்த அப்பளம், அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்த ஒரு வாய் இவையெல்லாம் பில்லில் இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

பொருள் மாறுவது கற்பனை அல்ல. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஓர் இந்திய உணவகத்தில் ஒருவர் நட்ஸ் இல்லாமல் சிக்கன் டிக்கா மசாலா கேட்டு வாங்கினார். டப்பா மூடியில் நட்ஸ் இல்லை என்றே எழுதியிருந்தது. உள்ளே வேர்க்கடலை இருந்தது. செலவைக் குறைக்க, பாதாம் பொடிக்குப் பதில் வேர்க்கடலை கலந்த மலிவான பொடியை உரிமையாளர் வாங்கியிருந்தார். சாப்பிட்டவர் இறந்துபோனார். உரிமையாளருக்கு 2016-ல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை. அந்த மரணத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்புதான் அதே உரிமையாளரின் இன்னொரு கிளையில், நட்ஸ் இல்லை என்று உறுதி கேட்டுச் சாப்பிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வாமை வந்திருந்தது. ஒரு கிளையின் பதிவு மற்ற கிளைகளின் சமையலறைக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

"இரவு 9 மணி" என்ற ஒற்றை நேரமும் போதாது. முதல் வாய் சாப்பிட்டது, முதல் அறிகுறி, மாத்திரையோ ஊசியோ கொடுத்தது, 108-ஐ அழைத்தது, வண்டி வந்தது என ஐந்து நேரங்களாவது வேண்டும். காரணம் இருக்கிறது. ஒவ்வாமைதானா என்று பார்க்க மருத்துவமனையில் ட்ரிப்டேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்வதுண்டு. அறிகுறி தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள், நான்கு மணி நேரம் தாண்டாமல் ஒரு மாதிரி எடுத்தால் நல்லது. தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து முடிவு சொல்வது கடினம். அட்ரினலின் ஊசிக்கும் நேரம் வேண்டும், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம்.

ஒரு சங்கடம்: கே.ஓ.டி. இயந்திரம், சிசிடிவி, கைப்பேசி மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை. "நேரம்: என் போன்" என்று எந்தக் கடிகாரம் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அன்றே மூன்றையும் ஒப்பிட்டு "பில் மெஷின் 4 நிமிடம் முந்துகிறது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் பின்னால் சண்டை வராது. நேரம் நிச்சயமில்லை என்றால் "சுமார்" என்று எழுதலாம். வசதிக்காக 9:00 என்று முழு எண்ணாக்குவதுதான் தவறு.

நல்ல பதிவு இப்படி இருக்கும்:

"8:22 கே.ஓ.டி. 8:38 பரிமாறியது (பரிமாறுபவர் நினைவு). 8:41 சுமார், முதல் வாய் (மனைவி). 8:46 'உதடு அரிக்குது'. 8:50 கழுத்தில் தடிப்பு, குரல் கரகரப்பு, இருமல். 8:51 108-க்கு அழைப்பு (என் போன் பதிவு). 8:52 அவருடைய சொந்த ஊசி, வலது தொடை, மனைவி போட்டார். 8:55 பேச்சு தெளிவாகிறது. 9:07 வண்டி வந்தது. ஏற்கெனவே உள்ள அலர்ஜி: 'நட்ஸ்' (மனைவி). அன்று எடுத்த மருந்து: மாலை வலி மாத்திரை ஒன்று, பெயர் தெரியவில்லை. மது இல்லை."

கடைசி இரண்டு விவரங்களை எதற்குக் கேட்பது என்று தோன்றும். சில வலி மாத்திரைகளும் மதுவும் சாப்பிட்டதும் செய்யும் கடும் உடற்பயிற்சியும், வழக்கமாக லேசாக வரும் எதிர்வினையைத் தீவிரமாக்கலாம். இந்தக் குறிப்பின் ஒரு படியை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுத்தனுப்புங்கள். படம் எடுத்து மனைவி போனுக்கு அனுப்பினாலும் சரி.

இனி நல்ல மனதால் நேரும் ஒரு தவறு. மேலாளர் வருத்தப்பட்டு டேபிள் 7-இன் பில்லையே ரத்து செய்துவிடுவார். சில பில்லிங் மென்பொருள்களில் அதோடு ஆர்டரின் விவரமும் அறிக்கையிலிருந்து கலைந்துவிடலாம். பணம் வாங்க வேண்டாம், சரி. ஆனால் அதற்கு முன் கே.ஓ.டி.யையும் பில்லையும் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். சிசிடிவி பதிவும் சில வாரங்களில் அழிந்து மேலெழுதப்படும். அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், துப்புரவுப் பணியாளர் தட்டைக் கழுவப் போய்விடுவார். தட்டில் மிஞ்சியதைத் தனிப் பையிலும், பாத்திரத்தில் மிஞ்சிய அதே கிரேவியை வேறு பையிலும் போடுங்கள். ஒரே கரண்டியால் இரண்டையும் எடுத்தால் மாதிரி கெட்டுப்போகும். பையின் மேல் எது எங்கிருந்து, எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்று எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.

அப்புறம் பணியாளர்களின் வாக்குமூலம். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசி ஒரே கதையாக எழுதினால் மூன்று பேர் நினைவும் ஒருவர் நினைவாகிவிடும். ஆளுக்கொரு தாளில், ஒருவரோடொருவர் பேசும் முன் எழுதச் சொல்லுங்கள். முரண் இருந்தால் அப்படியே இருக்கட்டும். மறுநாள் ஏதாவது நினைவுக்கு வந்தால் பழைய வரியை அடித்துத் திருத்த வேண்டாம், கீழே தேதியும் நேரமும் போட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.