பச்சையக் கணக்கில் ‘பி’ மட்டும் ஏன் எகிறுகிறது?

இலையை 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, 663, 645 நானோமீட்டரில் சாறு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஓ.டி. ரீடிங் எடுத்து, 1949இல் ஆர்னன் தந்த வாய்பாட்டில் போட்டால் பச்சையத்தின் அளவு கிடைத்துவிடும். ரீடிங் தப்பாக இருந்தாலும் ஒரு விடை வரும், மொத்த அளவும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். தவறு பெரும்பாலும் குளோரோஃபில் பி-யில்தான் ஒளிந்திருக்கும்.

```
a = (12.7*A663 - 2.69*A645) * V/(1000*W)
b = (22.9*A645 - 4.68*A663) * V/(1000*W)
```

A663, A645 என்பவை அந்த இரண்டு ரீடிங்குகள். V என்பது சாற்றின் இறுதிக் கனஅளவு, மி.லி.யில். W இலையின் எடை, கிராமில். விடை மி.கி./கிராம்.

நடுநரம்பு நீக்கிய பசலை இலை 0.1 கிராம், சாறு 25 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். ரீடிங் 0.520, 0.200 என்றால் ஏ 1.52, பி 0.54, விகிதம் 2.8. சாதாரணப் பச்சை இலைக்கு இது 3-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். இப்போது சாறு லேசாகக் கலங்கி, இரண்டு ரீடிங்கிலும் 0.03 கூடியதாகக் கொள்ளுங்கள். ஏ 1.59 ஆகிறது, 5 சதவீதம்தான் ஏற்றம். பி-யோ 0.67-க்குப் போய்விடுகிறது, கிட்டத்தட்ட 25 சதவீதம்! விகிதம் 2.4-க்கு இறங்கும். 22.9 என்ற பெரிய எண்ணால் பெருக்குவதால் 645இன் சிறு பிழையும் ஊதிப் பெருக்கிறது.

அதனால் 750இலும் ஒரு ரீடிங் எடுங்கள். அங்கே பச்சையம் ஒளியை உறிஞ்சாது. ஏதாவது காட்டினால் அது கலங்கல்தான். மறுபடி சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். மிஞ்சும் சிறு அளவை இரண்டு ரீடிங்கிலிருந்தும் கழித்துவிடலாம்.

அடுத்தது அமிலம். அரைக்கும்போது செல்லுக்குள் இருக்கும் அமிலம் வெளிவந்து பச்சையத்தின் மக்னீசியத்தைப் பறிக்கும். சாறு பழுப்புப் பச்சையாக மாறினால் பியோபைட்டின் உருவாகிவிட்டது என்று பொருள். புளிச்சக்கீரை மாதிரி இலைகளில் இது சீக்கிரமே நடக்கும். அரைக்கும்போதே ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் போடுங்கள், கல்வத்தை ஐஸில் வையுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். பழுப்பேறிவிட்ட சாற்றைத் திருத்த வழியில்லை, புது இலைதான்.

சக்கை வெளுக்கும்வரை திரும்பத் திரும்பச் சாறெடுத்து, கடைசியில்தான் 25 மி.லி.க்கு நிரப்ப வேண்டும். மூடாமல் வைத்தால் அசிட்டோன் ஆவியாகி ரீடிங் ஏறும். பாலிஸ்டைரீன் குவெட் அசிட்டோனில் மங்கிவிடும், கண்ணாடியே நல்லது. ஓ.டி. 0.8-ஐத் தாண்டினால் 80 சதவீத அசிட்டோனிலேயே நீர்க்க வைத்து, அந்த மடங்கால் விடையைப் பெருக்குங்கள்.

வாய்பாட்டைக் கலப்பதும் சகஜம். 1989இல் போரா குழு வெளியிட்ட திருத்திய எண்கள் 663.6, 646.6 நானோமீட்டருக்கானவை. 663, 645இல் எடுத்த ரீடிங்கை அதில் போடக் கூடாது. எத்தனால், மெத்தனால் சாற்றுக்கு ஆர்னன் எண்களும் பொருந்தா; உறிஞ்சும் முகடு கரைப்பானுக்கு ஏற்ப நகர்ந்துவிடும்.