ஈசி சுத்தமாக இருந்தும் லோன் ஏன் நிற்கிறது? பழைய வீடு வாங்குவோர் செய்யும் பத்திரத் தவறுகள்

தமிழ்நாட்டில் பழைய வீடு பேசி முடிக்கும்போது, விற்பவர் பெயரில் பட்டா, வீட்டு வரி ரசீது, வில்லங்கம் எதுவும் இல்லாத ஈசி ஆகிய மூன்றையும் பார்த்ததும் பலர் திருப்தியாகி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சம்பளச் சான்று, சிபில் ஸ்கோர் எல்லாம் சரியாக இருக்கும். வங்கி மேலாளரும் நம்பிக்கையாகவே பேசுவார். பிறகு ஃபைல் வங்கியின் பேனல் வக்கீலிடம் போகும். அங்கிருந்து "கீழ்க்கண்ட ஆவணங்கள் தேவை" என்று ஒரு கடிதம் வரும்போதுதான் சிக்கல் தெரியும். அதற்குள் ஒப்பந்தக் கெடுவில் பாதி ஓடியிருக்கும்.

வக்கீல் பார்க்கும் முறை வேறு. விற்பவரிடம் தொடங்கி, "இவருக்கு இந்த வீடு எந்த ஆவணத்தால் வந்தது? அதை எழுதிக்கொடுத்தவருக்கு எப்படி வந்தது?" என்று ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போவார். பொதுவாக 30 வருடம் வரை இந்தத் தொடர்ச்சியை வங்கிகள் கேட்கின்றன. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், வக்கீல் வங்கிக்கு எழுதித் தரும் சட்டக் கருத்தான ஒப்பீனியன் நிற்கும். எனக்குத் தெரிந்து அந்தக் கண்ணி அதிகமாக அறுந்துபோவது விற்பனைகளில் அல்ல, மரணங்களில்தான்.

ஈசியை "வில்லங்கம் இல்லை" என்று மட்டும் படிப்பது

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். ஒருவர் இறந்ததும் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்கு எந்தப் பத்திரமும் பதிவாவதில்லை. ஆகவே ஈசியில் அது வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பல நேரங்களில் அதில் இருக்காது.

ஈசியில் "எழுதிக்கொடுத்தவர்", "எழுதிவாங்கியவர்" என்று இரண்டு பத்திகள் இருக்கும். அதில் கடைசியாக வீட்டை எழுதிவாங்கியவர் பெயரும் இப்போது விற்க வருபவர் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதற்குத் தனி ஆவணம் வேண்டும். "அப்பா வாங்கினது சார், இப்ப எனக்குத்தான்" என்ற வாய்வார்த்தை அந்த ஆவணம் ஆகாது.

தேடுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. tnreginet.gov.in தளத்தில் இப்போதைய சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், உட்பிரிவு ஆவதற்கு முன்பு பழைய எண்ணில் நடந்தவை விடுபட்டுப் போகலாம். சார்பதிவாளர் அலுவலகம் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டியிருக்கும். கையில் உள்ள ஒவ்வொரு பத்திரத்தின் எண்ணும் வருடமும் ஈசியில் வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்று வரவில்லை என்றாலும் அந்த ஈசி முழுமையானது அல்ல. அதில் வில்லங்கம் இல்லை என்பதற்கும் மதிப்பில்லை.

இறந்தவரின் தாயை மறப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். இந்து குடும்பம். அப்பா 1994-ல் தன் சம்பாத்தியத்தில் வீடு வாங்கினார். உயில் எழுதாமல் 2011-ல் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். 2016-ல் மகன் பெயருக்குப் பட்டா மாறியது. இப்போது மகன் 60 லட்சத்துக்கு விற்கிறார். விவரம் தெரிந்தவர்தான், அம்மாவும் தங்கைகளும் கையெழுத்துப் போடுவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். வாங்குபவருக்கு நிம்மதி.

வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: 2011-ல் அப்பா இறந்த நாளில், அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தாரா?

இருந்தார். 2015-ல்தான் பாட்டி இறந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்களோடு தாயும் சேருகிறார். எல்லோருக்கும் சம பங்கு. ஆக 2011-ல் வீடு ஐந்து பங்கானது. பாட்டிக்கும் ஐந்தில் ஒரு பங்கு. அவர் அதைக் கேட்டாரா, அவருக்கே அது தெரியுமா என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது.

2015-ல் பாட்டியும் உயில் இல்லாமல் இறந்தார். தாத்தா ஏற்கெனவே காலமாகிவிட்டார். பாட்டிக்குப் பிள்ளைகள் இரண்டு பேர்: இறந்துபோன அப்பாவும், வேறு ஊரில் இருக்கும் அத்தையும். பாட்டியின் பங்கில் பாதி அத்தைக்கு. மறுபாதி அப்பாவின் வழியில் அந்த மூன்று பேரப்பிள்ளைகளுக்கு. முழு வீட்டையும் 30 பங்காக வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு 6, மகனுக்கும் மகள்களுக்கும் தலைக்கு 7, அத்தைக்கு 3. பட்டாவில் ஒற்றைப் பெயராக நிற்கும் மகனுக்கு உண்மையில் கால் பங்குகூட இல்லை. நாற்பது வருடம் முன்பு கல்யாணமாகிப் போன அத்தைக்கு 6 லட்சம் மதிப்புள்ள பங்கு இருக்கிறது.

அத்தை கையெழுத்து இல்லாமல் கிரையம் பதிவாகிவிடவும் கூடும். அவர் பங்கு மட்டும் வாங்குபவருக்கு வந்திருக்காது. நாளை அவரோ அவர் பிள்ளைகளோ பாகம் கேட்டு வழக்குப் போடலாம். கடன் கொடுத்த வங்கியின் அடமானமும் அந்தப் பங்கைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் வக்கீல் இறங்கி வரமாட்டார்.

இந்த இடத்தில் விற்பவர் தரப்பில் வழக்கமாகச் சில பதில்கள் வரும். வாரிசுச் சான்றில் பாட்டி பெயரே இல்லையே என்பார்கள். தாசில்தார் தரும் அந்தச் சான்று, மனுவில் சொன்ன விவரத்தையும் உள்ளூர் விசாரணையையும் வைத்து வாரிசுகள் யார் என்று சொல்வது. சட்டம் கொடுத்த பங்கை அது அழிக்காது. அத்தை இத்தனை வருடமாக ஒன்றும் கேட்கவில்லையே என்பார்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. வருடம் ஓடியதால் மட்டும் அத்தையின் உரிமை போய்விடாது. அத்தையிடம் இருபது ரூபாய் பத்திரத்தில் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கி வருவதும் உண்டு. அசையாச் சொத்தின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் பதிவு செய்த ஆவணம் வேண்டும். அந்தக் காகிதத்தை வங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளக்கூட யோசிக்கும்.

தீர்வு இரண்டுதான். அத்தை தன் பங்கைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கிரையப் பத்திரத்தில் அவரும் விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்திட வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் வர வேண்டும், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அத்தையும் காலமாகியிருந்தால் அவருக்கு ஒரு வாரிசுச் சான்று, அவர் வாரிசுகள் எல்லோரின் கையெழுத்து என்று வேலை நீளும்.

விற்பவர் சொத்து தனக்கு வாரிசாக வந்தது என்று சொன்ன உடனேயே, இறந்தவரின் இறப்புச் சான்றோடு அவருடைய அம்மாவின் இறப்புச் சான்றையும் கேட்டு வாங்கி, தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மா முதலில் போயிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இந்தக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறவர்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. உயில் இருந்தால் அந்த உயிலைத்தான் வக்கீல் முதலில் கேட்பார்.

பட்டாவை உரிமைப் பத்திரமாக நினைப்பது

மேலே சொன்ன குடும்பத்திலேயே விடை இருக்கிறது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு; யார் பெயரில் நிலவரி நிற்கிறது என்று காட்டும். சொத்துரிமைக்கு அது மட்டும் ஆதாரமாகாது. ஆனாலும் வங்கி பட்டாவைக் கட்டாயம் கேட்கும், முக்கியமாக அளவைச் சரிபார்க்க. பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் அதைவிடக் குறைவு என்றால், கடன் பெரும்பாலும் குறைந்த அளவின் மதிப்புக்குத்தான் கிடைக்கும். அல்லது அளந்து திருத்திக்கொண்டு வாருங்கள் என்பார்கள்.

பழைய கடன் முடிந்தது என்பதோடு விட்டுவிடுவது

விற்பவர் முன்பு ஒரு வங்கியில் கடன் வாங்கி அடைத்திருப்பார். கடன் முடிந்த கடிதமும் வைத்திருப்பார். ஆனால் ஈசியில் உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று பதிவான வரி அப்படியே இருக்கும். அதை ரத்து செய்யும் ரசீது பதிவாகியிருக்காது. புது வங்கிக்கு அந்தக் கடிதம் போதாது, ரசீது ஆவணம் பதிவாகி ஈசியில் ஏறியிருக்க வேண்டும். பல வருடம் முன்பு முடிந்த கடன் என்றால் அந்தக் கிளை இணைந்திருக்கும், இடம் மாறியிருக்கும். ஆள் பிடித்துக் கையெழுத்து வாங்க வாரங்கள் ஆகும். வேறு யாரோடோ முன்பு பதிவு செய்து கைவிட்ட கிரைய ஒப்பந்தம் இருந்தாலும் இதே கதைதான்: ரத்துப் பத்திரம் வேண்டும்.

ஈசியில் வராத பழைய அடமானமும் இருக்கலாம். ஒரிஜினல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைக்கும் அடமானத்துக்கு முன்பு பதிவு கட்டாயமாக இருக்கவில்லை. வங்கிகள் அதற்காக, அடமானங்களைப் பதிந்து வைக்க 2011-ல் வந்த செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் தேடிப் பார்க்கின்றன. நீங்கள் செய்யக்கூடியது, நகலைப் பார்த்துத் திருப்தியாகாமல் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்ப்பது. "ஒரிஜினல் ஊரில் இருக்கிறது" என்று இரண்டாவது முறையும் பதில் வந்தால், அது எங்கே, யாரிடம் இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸுக்குப் பிறகு வக்கீலைப் பார்ப்பது

வங்கியின் ஒப்பீனியன் வங்கியின் பணத்துக்காக எழுதப்படுவது. அது வரும் நேரமும் உங்கள் கையில் இல்லை. பேச்சு நடக்கும்போதே கிரையப் பத்திரம், மூலப்பத்திரங்கள், ஈசி, பட்டா, இறப்பு மற்றும் வாரிசுச் சான்றுகளின் நகல்களை வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸ் கொடுப்பதும் வேண்டாம். ஒப்பந்தம் எழுதும்போது, உரிமை ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்றும், கேட்கப்படும் விடுதலைப் பத்திரம், ரசீது போன்றவற்றை விற்பவர் தன் செலவில் முடித்துத் தர வேண்டும் என்றும், அவை முடியும்வரை கிரையக் கெடு நீளும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அத்தை கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போது கெடு முடிந்துவிட்டால், தவறியவர் வாங்குபவர்தான் என்று ஆகிவிடும்.