லண்டனில் ஒரே கார்டைத் தட்டுங்கள்: நாள் கணக்கு எப்படி ஓடுகிறது

லண்டனுக்கு வந்து இறங்கும் பலர் முதலில் தேடுவது டிக்கெட் கவுன்டரை. பேருந்தில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் வழக்கம் 2014 ஜூலையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநரிடம் நாணயத்தை நீட்டினால் வாங்க மாட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பாதாள ரயிலிலும் வங்கிக் கார்டைத் தட்டிப் போகும் முறை வந்துவிட்டது. காகித டிக்கெட் இன்னும் இயந்திரத்தில் கிடைக்கிறது, ஆனால் நகர மையத்துக்குள் ஒரு சிறு பயணத்துக்கே இரண்டு மடங்குக்கும் மேல் காசு. ஆகவே வந்த நாள் முதலே கார்டு, இல்லையென்றால் போன்.

தட்டுவதை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரியாததால்தான் காசு போகிறது. போன வருடம் என் தங்கை மகன் திருச்சியிலிருந்து மேற்படிப்புக்கு வந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் தங்கினான். இரண்டாவது வாரம் வங்கிக் கணக்கைக் காட்டி, "மாமா, ஒரு நாளைக்கு 8.90 பவுண்டுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, 11.55 எடுத்திருக்காங்க" என்றான். பார்த்தேன். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் `TFL TRAVEL CH` என்று இரண்டு வரிகள், ஒன்று 3.50, இன்னொன்று 8.05. இரண்டும் ஒரே நாளுக்கு, ஒரே வங்கிக் கணக்கிலிருந்து.

அவன் செய்தது இதுதான். காலையில் பர்ஸிலிருந்த பிளாஸ்டிக் கார்டைத் தட்டி நகர மையத்துக்குப் போயிருக்கிறான். மதியத்திலிருந்து போனைத் தட்டியிருக்கிறான். போனில் இருப்பதும் அதே வங்கியின் அதே கார்டுதான், அதனால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டான். நிலைய வாசலில் கார்டைப் படிக்கும் மஞ்சள் வட்டத்துக்கு அப்படித் தெரியாது. ஒரு கார்டைப் போனில் ஏற்றும்போது, பிளாஸ்டிக்கில் அச்சடித்த எண் அப்படியே உள்ளே போவதில்லை. அந்தப் போனுக்கென்று தனியாக ஓர் எண் உண்டாகிறது. அதே கார்டைக் கைக்கடிகாரத்திலும் ஏற்றினால் அதற்கு மூன்றாவதாக ஓர் எண். ரயில் கணக்குக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு தனிப் பயணி. எந்தக் கணக்கிலிருந்து காசு போகிறது என்று அது பார்ப்பதே இல்லை.

அவனுடைய அந்த நாளை முழுதாகப் பார்ப்போம். கட்டணம் வருடாவருடம் மாறும், இங்கே சொல்வது 2025 மார்ச்சில் வந்த கணக்கு. காலை 8.30-க்கு ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து மையத்துக்கு, கட்டணம் கூடுதலான பீக் நேரம், 3.50. மதியம் கல்லூரியிலிருந்து பகுதிநேர வேலைக்கு, இரண்டு நிலையமும் நகர மையக் கட்டண வட்டமான முதல் ஸோனுக்குள்ளேயே, 2.80. மாலை 6 மணிக்குத் திரும்பி வீட்டுக்கு, மறுபடி பீக், 3.50. இரவு நண்பன் வீட்டுக்குப் பேருந்து, 1.75. எல்லாவற்றையும் கூட்டினால் 11.55. ஒன்று, இரண்டு ஸோன்களுக்குள் அன்றைய உச்சவரம்பு 8.90. ஒரே போனைத் தட்டியிருந்தால் மூன்றாவது பயணத்தில் கூட்டுத்தொகை 9.80-ஐத் தொட்டிருக்கும், அங்கே 3.50-க்குப் பதில் 2.60 மட்டும் எடுத்து நிறுத்தியிருப்பார்கள். இரவுப் பேருந்து சும்மா. பிளாஸ்டிக்கில் 3.50, போனில் 8.05 என்று பிரிந்ததால் இரண்டில் எதுவும் வரம்பைத் தொடவில்லை. போனது 2.65 பவுண்டு. ஒரு நாளைக்குச் சின்னத் தொகைதான், ஆனால் அவன் இரண்டு வாரம் அப்படித்தான் போய்வந்திருக்கிறான்.

இதே பிரிவு பேருந்திலும் அடிக்கும். பேருந்துக் கட்டணம் 1.75, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்தடுத்த பேருந்துகளுக்குக் காசில்லை. முதல் பேருந்தில் கார்டு, மாறி ஏறிய பேருந்தில் போன் என்றால் அந்தச் சலுகை அங்கேயே அறுந்துவிடும். பேருந்தில் மட்டுமே போகிற நாளில் வரம்பு 5.25, அதாவது மூன்று கட்டணம். நான்காவது பேருந்திலிருந்து காசு போகாது. பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டியதில்லை.

ஒரு எண் ஒரு பயணி என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது ஒரே கார்டை இருவருக்கும் தட்ட முடியாது. ஆனால் ஒருவர் பிளாஸ்டிக்கையும் மற்றவர் போனையும் தட்டிப் போகலாம். அவரவர் கணக்கு அவரவர் எண்ணில் தனியாக ஓடும், வரம்பும் தனித்தனியாகக் கிடைக்கும். நாள் முழுக்க ஆளுக்கு ஒன்றை மாற்றாமல் வைத்திருந்தால் சரி.

அடுத்து, "நாள்" என்பது எது. நள்ளிரவில் நாள் மாறுவதில்லை. காலை 4.30-க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை ஒரு நாள். இரவு வேலை பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை முதல் மூன்று பேருந்துக் கட்டணம் கட்டி வரம்பைத் தொட்ட ஒருவர், வேலை முடிந்து விடிகாலை 4.15-க்கு ஏறும் பேருந்து நேற்றைய கணக்கில் சேர்ந்து இலவசமாகும். அதே பேருந்தை 4.40-க்குப் பிடித்தால் புது நாள், 1.75.

வாரத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒன்று, இரண்டு ஸோன்களுக்கு 44.70. நாள் வரம்பு 8.90 ஐந்து நாளுக்கு 44.50 ஆகிறது. அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வரம்பைத் தொடுகிறவருக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்த்து இருபது பென்ஸ்தான். ஆனால் நீங்கள் வியாழக்கிழமை வந்து இறங்கினால் அந்த வாரம் உங்களுக்கு நான்கே நாள், வியாழன் முதல் புதன் வரை என்று அது எண்ணாது. அப்படி வாரத்தின் நடுவில் தொடங்கி ஏழு நாளும் நிறைய சுற்றப் போகிறவர்கள், லண்டன் போக்குவரத்தே தரும் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையில் டிராவல்கார்டு என்னும் ஏழு நாள் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். அது எந்தக் கிழமையிலும் தொடங்கும்.

ஆய்ஸ்டர் என்றதும் மாணவர்களுக்கு ஒன்று. தள்ளுபடி எதுவும் வங்கிக் கார்டில் ஏறாது. 16–25 ரயில்கார்டு இருந்தால் அதை ஆய்ஸ்டரில் சேர்க்கச் சொல்ல வேண்டும், அப்போது பீக் அல்லாத நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பெரும்பாலும் பத்து மணி வகுப்புக்குப் போகிறவர்களுக்கு அதுதான் லாபம். எட்டு மணிக்கே கிளம்புகிறவருக்குப் பெரிய வித்தியாசம் வராது. பீக் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30–9.30, மாலை 4–7. பொதுவிடுமுறையில் கிடையாது.

காசு எப்போது போகிறது என்பதும் புதியவரைக் குழப்பும். தட்டியவுடன் போவதில்லை. இரவில் அன்றைய பயணங்களை எல்லாம் அடுக்கிப் பார்த்து, எதைச் சேர்த்தால் குறைவு என்று கணக்கிட்டு, மறுநாள் ஒரே தொகையாக எடுப்பார்கள். இடையில் பத்து பென்ஸ் அளவில் ஒரு சின்ன வரி தெரிந்தால் அது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அப்புறம் கணக்கில் பணம் இல்லாமல் அந்தத் தொகை போகவில்லை என்றால், அடுத்த நாள் வாசல் திறக்காது. பாக்கியைக் கட்டும்வரை அந்தக் கார்டு லண்டன் போக்குவரத்தில் எங்கும் வேலை செய்யாது. புது வங்கிக் கணக்கில் சம்பளம் வராத முதல் மாதத்தில் இது நிறைய பேருக்கு நடக்கிறது.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த விசா, மாஸ்டர்கார்டு வகைக் கார்டையே தட்டலாம். ஆனால் 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாமல் செலுத்தும் வசதியும் நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். விமானம் ஏறும் முன்பே வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்து வையுங்கள், இங்கே வந்தபின் பழைய சிம்முக்கு வரும் ஓ.டி.பி. கிடைக்காமல் திண்டாட வேண்டாம். ஒவ்வொரு நாள் தொகையிலும் அன்னியச் செலாவணிக் கட்டணம் சேரும் என்பதால், இங்கத்திய கார்டு கைக்கு வரும்வரை மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். புதிய கார்டுக்கு ஒரு திங்கட்கிழமை மாறுங்கள். வாரத்தின் நடுவில் மாறினால் வாரக் கணக்கு இரண்டாக உடையும்.

ரயிலில் இறங்கும்போது தட்ட மறப்பதுதான் மிகப் பெரிய இழப்பு. நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாததால் உச்சக் கட்டணம் போடுவார்கள், அந்தத் தொகை நாள் வரம்புக்குள்ளும் சேராது. வாசல் கதவே இல்லாத நிலையங்களில்தான் இது அதிகம் நடக்கும். குறிப்பாகக் கிழக்கு லண்டனில் ஓடும் டி.எல்.ஆர். என்னும் இலகு ரயிலில் பிளாட்ஃபாரத்திலிருந்து நேராகத் தெருவுக்கு வந்துவிடலாம், தட்டும் கம்பம் ஓரமாக நிற்கும். பர்ஸை அப்படியே வைத்துத் தட்டுவதும் ஆபத்து, உள்ளே இரண்டு கார்டு இருந்தால் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று படித்துவிடும். அப்போது இரண்டிலும் முடியாத பயணம். கார்டைத் தனியாக எடுத்துத் தட்டுங்கள்.

போன் வைத்திருப்பவர்கள் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் போன் அணைந்துவிட்டால் இறங்கும் வாசலில் தட்ட முடியாது. பரிசோதகர் வந்து கேட்டாலும் அதே போனைத்தான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அபராதம் 100 பவுண்டு வரை போகலாம், 21 நாளுக்குள் கட்டினால் 50. அந்த நேரத்தில் பர்ஸிலிருக்கும் கார்டைத் தட்டி வெளியே வந்துவிடலாம் என்று தோன்றும். அது கூடாது, அந்தக் கார்டுக்கு அது தொடக்கமே இல்லாத பயணம், அதற்கும் உச்சக் கட்டணம் விழும். வாசலில் நிற்கும் ஊழியரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள், கதவைத் திறந்துவிடுவார்.

பிறகு வீட்டுக்கு வந்து லண்டன் போக்குவரத்தின் இணையதளத்தில் ஒரு கணக்கு திறந்து கார்டைப் பதிவு செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு தட்டலும் நேரத்தோடு வரிசையாக இருக்கும், முடியாத பயணம் தனியாகத் தெரியும். எந்த நிலையத்தில் இறங்கினோம் என்று எழுதித் திரும்பக் கேட்கலாம். எட்டு வாரத்துக்குள் கேட்க வேண்டும். என் தங்கை மகன் இப்போது ஞாயிறு இரவு அந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறான். போன மாதம் ஒரு டி.எல்.ஆர். பயணத்தைப் பிடித்து எழுதினான், கூடுதலாக எடுத்த தொகை அவன் கார்டுக்கே திரும்ப வந்தது.